முக்க முக்க மூடிக்குது: பயோஃபீட்பேக் தெரப்பி எடுத்த அனுபவம்

மோஷன் இளகலா இருந்தும் வெளிய வராம பாத்ரூம்ல அரைமணி நேரம் முக்கிக்கிட்டு இருக்கீங்க, எழுந்து வந்த பத்தாவது நிமிஷம் இன்னும் பாக்கி இருக்குன்னு திரும்ப உள்ள போறீங்கன்னா, அது நாம நினைக்கிற சாதாரண மலச்சிக்கலா இல்லாம இருக்கலாம். எனக்கு இருந்தது பெல்விக் ஃப்ளோர் டிஸ்சினர்ஜியா. பேரு பெருசா இருக்கு, விஷயம் என்னன்னா நாம முக்கும்போது ஆசனவாயை சுத்தி இருக்குற தசை தளர்ந்து வழி விடணும், எனக்கு அது அந்த நேரம் பார்த்து இறுகிக்குது. உள்பக்கமா திறக்குற கதவை உள்ள நின்னுகிட்டு வெளிப்பக்கமா தள்ளுற மாதிரிதான், எவ்ளோ பலமா தள்ளுறோமோ அவ்ளோ இறுக்கமா சாத்திக்கும்.

நான் பெரம்பூர், வேலை கிண்டி பக்கம். கல்யாணத்துக்கு முன்னாடியே லேசா இருந்துச்சு, பையன் பொறந்தப்புறம் ஆசனவாய்ல வெடிப்பு வந்து அதுலேர்ந்து ரொம்ப மோசமாச்சு. இதுக்கு நடுவுல நான் சாப்பிடாத மருந்து இல்ல. இசப்கோல், லாக்டுலோஸ் சிரப், தூங்கும்போது போடுற மஞ்சள் மாத்திரை, நாட்டு மருந்து கடை கடுக்காய் பொடி, திரிபலா. அத்தை தினமும் கீரை, வாழைத்தண்டு, ராத்திரி செவ்வாழைன்னு மாத்தி மாத்தி குடுத்தாங்க, பாவம் அவங்க மேல தப்பே இல்ல. "தண்ணியே குடிக்க மாட்டேங்குற, ஆபீஸ்ல ஏசியில உக்காந்துட்டு வர்ற, அதான் சூடு"ன்னு சொல்லுவாங்க. மருந்து போட்டா மோஷன் தண்ணியா ஆகும், ஆனா தண்ணியா ஆனதையும் முக்கித்தான் வெளிய தள்ளணும், அதுதான் எனக்கு விசித்திரமா இருந்துச்சு. நார்ச்சத்து கூட்டினா வயிறு இன்னும் உப்பிக்கும், ஏன்னா உள்ள சரக்கு சேருது, வாசல் திறக்கல.

ஒரு கட்டத்துல கொஞ்சம் ரத்தமும் வந்துச்சு, பயந்து போய் கொலனோஸ்கோபி பண்ணோம். எல்லாம் நார்மல், சின்னதா பைல்ஸ் இருக்குன்னாங்க. ரத்தம் வந்தாலோ, எடை காரணம் இல்லாம குறைஞ்சாலோ, ரத்தசோகை இருந்தாலோ, ஐம்பது வயசுக்கு மேல புதுசா மலச்சிக்கல் ஆரம்பிச்சாலோ, குடும்பத்துல யாருக்காச்சும் குடல் கேன்சர் இருந்தாலோ அந்த டெஸ்ட் பண்ணித்தான் ஆகணும், அதுல ரெண்டு கருத்து இல்ல. ஆனா கொலனோஸ்கோபி குடலோட உள்பக்கத்தைத்தான் காட்டும், அதுவும் நாம மயக்கத்துல இருக்கும்போது. முக்கும்போது தசை என்ன பண்ணுதுன்னு அதுல தெரியவே தெரியாது. அதனால ரிப்போர்ட் நார்மல்னு வந்த கையோட "டென்ஷனை குறைச்சுக்கோங்க, நார்ச்சத்து சாப்பிடுங்க"ன்னு அனுப்பிட்டாங்க. வேற ஒரு இடத்துல பைல்ஸ் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னாங்க. என் வீட்டுக்காரருதான் வேணாம்னு நிறுத்தினாரு, நல்ல காலம். பைல்ஸ் வருஷக்கணக்கா முக்கினதால வந்தது, முக்குறதுக்கு காரணமே அப்படியே இருக்கும்போது அதை வெட்டி எடுத்து என்ன பண்றது.

விஷயத்தை கண்டுபிடிச்சது ஒரு பெரிய மெஷின் இல்ல, ஒரு விரல். ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒரு அக்கா சொல்லி ஒரு கேஸ்ட்ரோ டாக்டரை பார்த்தேன், குடல் அசைவு சம்பந்தமான பிரச்சனைகளை தனியா பாக்குறவரு. நான் சொன்னதெல்லாம் கேட்டுட்டு, உள்ள முழுசா காலி ஆகாம இருக்கா, வாசல்ல வந்து அடைச்சுக்குற ஃபீலிங் இருக்கா, எப்பவாச்சும் விரல் விட்டு எடுக்க வேண்டி வருதான்னு நேரா கேட்டாரு. கடைசி கேள்விக்கு நான் தலையை மட்டும் ஆட்டினேன். இத்தனை வருஷத்துல அதை யாரும் கேட்டதே இல்ல, நானா சொல்ல வாய் வரவும் இல்ல. அவரு சாதாரணமா எழுதிக்கிட்டாரு, நிறைய பேரு பண்றாங்க மா, சொல்றதில்ல அவ்ளோதான்னாரு.

அப்புறம் நர்ஸ் கூட இருக்க, இடது பக்கமா படுக்க வச்சு கிளவுஸ் போட்டு ஜெல் தடவி விரலால டெஸ்ட் பண்ணாரு. இந்த டெஸ்ட் எனக்கு முன்னாடியும் பண்ணியிருக்காங்க, பைல்ஸ் இருக்கான்னு பார்த்துட்டு கையை எடுத்துடுவாங்க. இவரு இன்னொரு கையை என் வயித்து மேல வச்சுக்கிட்டு, "இப்ப மோஷன் போற மாதிரி முக்குங்க"ன்னாரு. முக்கினேன். "என் விரலை புடிச்சு இறுக்குறீங்க மா, விடணும்"னாரு. நான் முக்கத்தானே டாக்டர் செய்றேன்னு சொன்னேன். திரும்பவும் அதேதான். வயித்துல பலம் நல்லா வருது, கீழ மட்டும் எதிரா வேலை செய்யுதுன்னு சொல்லி பேப்பர்ல படம் போட்டு காட்டினாரு. மலக்குடலுக்கு பின்னாடி ஒரு தசை கவண் கயிறாட்டம் வளைச்சு முன்பக்கமா இழுத்து புடிச்சிருக்கும், பேரு பியூபோரெக்டாலிஸ். அது இழுத்து புடிக்கிறதாலதான் குழாய் கிட்டத்தட்ட 90 டிகிரில மடங்கி இருக்கு, நாம நடக்கும்போது இருமும்போது எதுவும் கசியாம இருக்கு. மோஷன் போகும்போது அது தளர்ந்து அந்த மடிப்பு நிமிரணும், கூடவே ஆசனவாயோட வெளி தசையும் விடணும். எனக்கு ரெண்டும் விடல.

இதை உறுதி பண்ண ரெண்டு டெஸ்ட் எழுதினாரு. ஒண்ணு அனோரெக்டல் மேனோமெட்ரி. பேரைக் கேட்டு பயப்பட வேணாம், மயக்க மருந்து கிடையாது, பென்சிலை விட மெல்லிசான ஒரு டியூப், அதுல பிரஷர் சென்சார் இருக்கும், நுனியில சின்ன பலூன். முன்னாடியே எனிமா குடுத்து காலி பண்ணிடுவாங்க. டியூபை வச்சுட்டு சும்மா இருங்க, இறுக்குங்க, இருமுங்க, முக்குங்கன்னு ஒவ்வொண்ணா சொல்லுவாங்க, மொத்தமா அரைமணி நேரம் ஆகும். வலி இல்ல, வெக்கமா இருந்துச்சு அவ்ளோதான். இன்னொண்ணு பலூன் எக்ஸ்பல்ஷன் டெஸ்ட். ஒரு பலூனை உள்ள வச்சு 50 மில்லி தண்ணி ரொப்பி, கமோட்ல உக்கார வச்சு கதவை சாத்திட்டு போயிடுவாங்க, தனியா இருந்து அதை வெளிய தள்ளணும். பொதுவா ஒரு நிமிஷத்துக்குள்ள வந்துடணும். எனக்கு வரவே இல்ல, நேரம் போயிட்டே இருக்கு, வேர்த்து கொட்டுது, கடைசில நர்ஸே வந்து தண்ணியை இறக்கி எடுத்தாங்க.

மேனோமெட்ரி ரிப்போர்ட்ல எல்லா நம்பரையும் பாக்க வேண்டியதில்ல, முக்கும்போது என்ன ஆச்சுங்குற வரியைத்தான் பாக்கணும். என்னோடதுல சும்மா இருக்கும்போது ஆசனவாய் பிரஷர் 72. முக்கும்போது அது அஞ்சுல ஒரு பங்காவது குறையணும், அதாவது 58க்கு கீழ வரணும். எனக்கு 108க்கு ஏறியிருந்துச்சு. மலக்குடலுக்குள்ள தள்ளுற பிரஷர் 60க்கு மேல இருந்துச்சு, 45 வந்தாலே போதும்னு வச்சிருக்காங்க, அதனால தள்ளுற பலத்துல குறை இல்ல. இதுல நாலு வகை பிரிக்கிறாங்க. தள்ளுற பலம் சரியா இருந்து கீழ இறுகுறது முதல் வகை, பலமும் இல்லாம இறுகவும் செய்றது ரெண்டாவது. மூணாவது நாலாவதுல இறுகாது, ஆனா போதுமான அளவு தளரவும் தளராது, மூணாவதுல பலம் இருக்கும் நாலாவதுல இருக்காது. நான் முதல் வகை. இது தெரிஞ்சுக்கிறது எதுக்குன்னா தெரப்பில எதுக்கு நேரம் செலவு பண்ணணும்னு இதை வச்சுத்தான் முடிவு பண்றாங்க. பலம் இல்லாதவங்களுக்கு தள்ளக் கத்துக்குடுக்கணும், எனக்கு விடக் கத்துக்குடுக்கணும்.

இங்க ஒண்ணு முக்கியம். மேனோமெட்ரி ஒண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. எந்த பிரச்சனையும் இல்லாத ஆளுங்களுக்கே, தெரியாதவங்க முன்னாடி பக்கவாட்டுல படுத்துக்கிட்டு முக்க சொன்னா தசை இறுகத்தான் செய்யும், நிறைய பேருக்கு ரிப்போர்ட் அப்படித்தான் வருமாம். அதனால ரெண்டு டெஸ்டாவது ஒரே பக்கம் கை காட்டணும். எனக்கு விரல் டெஸ்ட், மேனோமெட்ரி, பலூன் எல்லாம் ஒத்துப்போச்சு. ஒண்ணுக்கொண்ணு முரணா வந்தா டெஃபிகோகிராம் எடுப்பாங்க, உள்ள ஜெல் வச்சு எம்ஆர்ஐல முக்க சொல்லி படம் எடுக்குறது. மலக்குடல் முன்பக்கமா பை போல பிதுங்குதா, உள்ளேயே சரிஞ்சு இறங்குதாங்குறதும் அதுல தெரியும். எனக்கு அது தேவைப்படல.

எதனால வந்துச்சுன்னு கேட்டேன். ஒரே காரணம்னு யாராலயும் சொல்ல முடியாதாம். வெடிப்பு வந்து வலிச்சப்போ உடம்பு தானா இறுக்கி பழகியிருக்கலாம், பிரசவம் ஒரு காரணமா இருக்கலாம், வருஷக்கணக்கா அடக்கி அடக்கி வச்ச பழக்கமா இருக்கலாம். அடக்குறதுன்னதும் எனக்கு ஸ்கூல்தான் ஞாபகம் வந்துச்சு. தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணி வராத குழாய், காலைல எட்டு மணிக்கு போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். எங்க செட்ல எல்லா பொண்ணுங்களும் அப்படித்தான். காலேஜ்லயும் அதேதான், முதல் வேலை பார்த்த கம்பெனில ரெண்டு மாடிக்கு ஒரு லேடீஸ் டாய்லெட். இதை எல்லாம் நிரூபிக்க முடியாது, ஆனா சந்தேகம் போகல.

இப்ப தெரப்பி. டாக்டர் எழுதிக் குடுத்த பேரு பயோஃபீட்பேக், தசை என்ன பண்ணுதுன்னு ஸ்கிரீன்ல பார்த்துக்கிட்டே அதை தளர்த்தப் பழகுற பயிற்சி. முதல்ல வீட்டுக்கு பக்கத்துல ஒரு ஃபிசியோ சென்டர்ல இது பண்றோம்னு சொன்னாங்க, போனா கீகல் எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்து கரண்ட் வச்சு அனுப்பினாங்க. கீகல்ங்குறது தசையை இறுக்கி பலப்படுத்துற பயிற்சி, யூரின் கசியுறவங்களுக்கு ரொம்ப நல்லது. எனக்கு ஏற்கனவே இறுகிக்கிட்டு இருக்குறதுதான் வியாதி, அதை இன்னும் இறுக்க சொன்னா என்ன ஆகும். ரெண்டு வாரத்துல இன்னும் மோசமாச்சு. டாக்டர்கிட்ட சொன்னப்போ உடனே நிறுத்த சொல்லிட்டு, மேனோமெட்ரி பண்ற ஆஸ்பத்திரிலயே தெரப்பி குடுக்குற ஒரு ஃபிசியோ பொண்ணுகிட்ட அனுப்பினாரு. வாரம் ஒண்ணுன்னு செஷன், ஒவ்வொண்ணும் முக்கால் மணி நேரம். பொதுவா 4லேர்ந்து 6 செஷன் தேவைப்படும்.

முதல் செஷன்ல பாதி நேரம் பேச்சுதான். அப்புறம் சுண்டு விரல் அளவு சென்சார், நாமளே திரைக்கு பின்னாடி போய் வச்சுக்கலாம், வயித்து மேல ரெண்டு ஸ்டிக்கர். டிரஸ் மாத்திக்கிட்டு போர்வை போத்தி உக்காரலாம், எதிர்ல மானிட்டர். அதுல ரெண்டு கோடு ஓடுது. மேல நீலம் வயித்து தசை, கீழ சிவப்பு ஆசனவாய் தசை. மோஷன் போகும்போது நீலம் ஏறணும், சிவப்பு இறங்கணும். "முக்குங்க அக்கா"ன்னாங்க. நீலம் ஏறுச்சு, சிவப்பு அதுக்கும் மேல குதிச்சு ஏறுச்சு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா என் மனசுல நான் முழுசா விட்டுட்டு இருக்கேன். சத்தியமா விட்டுட்டு இருக்கேன்னு சொல்றேன், கோடு நேரெதிரா சொல்லுது. பயோஃபீட்பேக்னா இவ்ளோதான். அந்த தசை என்ன பண்ணுதுன்னு நமக்கு உள்ளுக்குள்ள தெரியாது, கண்ணால பாக்க வச்சா மூளை மெதுவா கண்டுபிடிச்சுக்கும். மெஷின் நம்மளை எதுவும் பண்ணாது, கரண்ட் எதுவும் குடுக்காது.

அடுத்து அவங்க சொன்னது எனக்கு புதுசு. "இப்ப மோஷனை மறந்துடுங்க. மூச்சு மட்டும்." ஒரு கை நெஞ்சுல ஒரு கை வயித்துல. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு கை அசையக்கூடாது, வயித்து கை மேல வரணும், பக்கவாட்டுல இடுப்பும் விரியணும். அப்படி மூச்சு கீழ இறங்கும்போது பெல்விக் ஃப்ளோர்ங்குற இடுப்பு அடித்தள தசையும் கூட சேர்ந்து லேசா இறங்கும், அதுதான் சூட்சுமம். நான் சின்ன வயசுலேர்ந்து வயித்தை உள்ள இழுத்து நடக்குறவ, புடவை கட்டினா கேக்கவே வேணாம். என் மூச்சு எல்லாம் நெஞ்சுலயே. கொஞ்ச நேரம் விட்டு விட்டு பண்ணப்புறம், மூச்சு உள்ள போகுறப்போ சிவப்பு கோடு ஒரு விரக்கடை அளவு கீழ இறங்குச்சு. "அதான் அக்கா, இப்ப என்ன பண்ணீங்களோ அதான்"னாங்க. நான் எதுவும் பண்ணலையேன்னேன். எதுவும் பண்ணாததுதான் வேணும்னாங்க.

அந்த வாரம் பூரா வீட்ல காலைலயும் ராத்திரியும் பத்து நிமிஷம், கட்டில்ல முட்டியை மடக்கி படுத்துக்கிட்டு அந்த மூச்சு மட்டும். பையன் வந்து வயித்து மேல ரிமோட்டை வச்சு அது ஏறி இறங்குறதை வேடிக்கை பார்ப்பான், உண்மைல அது நல்ல டெக்னிக், எடை இருந்தா வயிறு அசையுறது நல்லா தெரியும்.

ரெண்டாவது மூணாவது செஷன்ல தள்ளுறது எப்படின்னு. இதுலதான் எல்லாரும் தப்பா பண்றாங்களாம். மூச்சை தொண்டைல அடைச்சுக்கிட்டு, வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு முகம் சிவக்க முக்குறது. அப்படி பண்ணா கீழ எல்லாம் தானா இறுகும். பண்ண வேண்டியது, வயித்துல மூச்சை இழுத்து, வயித்தை வெளிப்பக்கமா பெருசாக்கி, இடுப்பு ரெண்டு பக்கமும் விரியுற மாதிரி வச்சுக்கிட்டு, வாயை லேசா திறந்து ஊஊன்னு மெதுவா காத்தை விட்டுக்கிட்டே கீழ தள்ளணும். தாடை தளர்ந்து இருக்கணும். இடுப்புல கை வச்சு ஒருதடவை இருமிப் பாருங்க, கையை ஒரு தள்ளு தள்ளும்ல, அந்த விரிவு வேணும். பலம் எவ்ளோன்னா, முழு பலம் பத்துன்னா அஞ்சுலேர்ந்து ஏழு, அதுக்கு மேல போகக்கூடாது. எட்டு ஒன்பதுன்னு போன உடனே என் சிவப்பு கோடு திரும்ப ஏறுறதை நானே கண்ணால பார்த்தேன், அதுதான் என்னை நம்ப வச்சுச்சு. யாராச்சும் வாயால "ரொம்ப முக்காதீங்க"ன்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன்.

அப்புறம் பலூன் வச்சு ரிகர்சல். கமோட்ல உக்காந்து தள்ளணும், அவங்க வெளியேர்ந்து லேசா இழுத்து உதவி பண்ணுவாங்க, போகப்போக உதவியை குறைப்பாங்க. கூடவே உணர்வு பயிற்சின்னு ஒண்ணு. வருஷக்கணக்கா அடக்கினதால எனக்கு மலக்குடல்ல உணர்வு மந்தமாயிருந்துச்சு, பலூன்ல நிறைய காத்து போனப்புறம்தான் ஏதோ இருக்குன்னு தெரியும். அதை கொஞ்சம் கொஞ்சமா அளவு குறைச்சு, இப்ப தெரியுதா இப்ப தெரியுதான்னு கேட்டு பழக்குவாங்க. போரடிக்கிற வேலை. ஆனா கடைசி செஷன்களுக்கு அப்புறம்தான் காலைல "இப்ப வருது"ங்குற உணர்வே எனக்கு திரும்ப வந்துச்சு, அது இல்லாமலேயே பல வருஷம் வாழ்ந்திருக்கேன்னு அப்பதான் புரிஞ்சுது.

வீட்ல கமோட்ல உக்காருறதுக்கும் ஒரு முறை குடுத்தாங்க. காலைல டிபன் முடிச்சு அரைமணி நேரத்துக்குள்ள, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு தடவை. சாப்பாடு வயித்துல விழுந்தா பெருங்குடல் தானா அசையும், அந்த நேரத்தை புடிச்சுக்கணும். வந்தாலும் வராட்டியும் அஞ்சு நிமிஷம்தான், அப்புறம் எழுந்துடணும். ஃபோன் வெளிய. காலுக்கு கீழ ஒரு பிளாஸ்டிக் முக்காலி, முட்டி இடுப்பை விட உசரமா வரணும், முன்னால சாஞ்சு முழங்கையை தொடைல ஊனிக்கணும். இந்தியன் டாய்லெட்னா இது தேவையே இல்லைன்னு சொல்லுவாங்க, குத்துக்கால் போட்டு உக்காந்தா அந்த மடிப்பு நல்லா நிமிரும்ங்குறது உண்மைதான். ஆனா எங்க அம்மா வீட்ல இந்தியன் டாய்லெட்தான், அங்கயும் நான் இதே பாடுதான் பட்டேன். கோணம் எப்படி இருந்தாலும் தசை விடலைன்னா விடாது.

வீட்ல சென்சார் இல்லாம எப்படி செக் பண்றதுன்னு கேட்டதுக்கு, சுத்தமான விரல் நுனியை ஆசனவாய்க்கும் முன்பக்கத்துக்கும் நடுவுல இருக்குற இடத்துல வெளிப்பக்கமா வச்சு தள்ளிப் பாக்க சொன்னாங்க. அந்த இடம் விரலை நோக்கி வெளிய பிதுங்கினா சரியா பண்றீங்க, விரலை விட்டு உள்ள போனா இறுக்குறீங்க. கண்ணாடி வச்சும் பாக்கலாம். கேக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா வீட்ல இதை விட நம்பகமா வேற எதுவும் இல்ல.

மருந்தை உடனே நிறுத்திடாதீங்க. பயிற்சி நடக்குற வரைக்கும் மோஷன் இளகலா, வாழைப்பழம் அளவு மிருதுவா இருக்கணும்னு பவுடர் மருந்தை தொடர சொன்னாங்க, தண்ணில கலக்கி குடிக்கிற பாலிஎத்திலீன் கிளைக்கால். கெட்டியா இருந்தா வலிக்கும், வலிச்சா தசை இறுகும், பழகினதெல்லாம் போயிடும். வெடிப்பு ஆறாம இருக்குறவங்களுக்கு முதல்ல அதை ஆத்திட்டுதான் ஆரம்பிப்பாங்களாம். எனக்கு முடிவுல பவுடர் பாதி அளவாச்சு, இப்ப தேவைப்பட்டா மட்டும்.

வீட்டுக்காரருக்கு இதெல்லாம் நம்பிக்கையே இல்ல, மூச்சுப் பயிற்சிக்கு இவ்ளோ காசான்னு கேட்டாரு. அட்மிஷன் இல்லாததால இன்சூரன்ஸ்லயும் வரல. அதனால டாக்டர்கிட்டயே கேட்டேன், இது உண்மையிலேயே மருந்தை விட மேலா இல்ல மனசு சமாதானமான்னு. 2006ல இத்தாலில பண்ண ஒரு ஆராய்ச்சியை சொன்னாரு. இந்த பிரச்சனை இருந்தவங்கள்ல ஒரு குரூப்புக்கு அஞ்சு வாரம் பயோஃபீட்பேக், இன்னொரு குரூப்புக்கு அதே பவுடர் மருந்தும் ஆலோசனையும். ஆறு மாசம் கழிச்சு பார்த்தா பயோஃபீட்பேக் எடுத்தவங்கள்ல 80 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், மருந்து குரூப்ல 22 சதவீதம். அதே சமயம் வாசல் சரியா இருந்து குடல் அசைவு மட்டும் மந்தமா இருக்குறவங்களுக்கு இதனால பெருசா பலன் இல்லைன்னும் அவரே சொன்னாரு. அவங்கள்ல நிறைய பேருக்கு பல நாள் ஆனாலும் போகணும்ங்குற உணர்வே வராது. ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம், வாசல் அடைச்சிருந்தா பின்னாடி இருந்து வர்றதும் மெதுவாகும், அப்ப முதல்ல வாசலை சரி பண்ணிட்டு திரும்ப பார்ப்பாங்க. டெஸ்ட் பண்ணாம அறிகுறியை மட்டும் வச்சு இதுதான் எனக்குன்னு முடிவு பண்ண முடியாதுங்குறது இதனாலதான்.

தெரப்பி முடிஞ்சு திரும்ப பலூன் டெஸ்ட் பண்ணாங்க. உக்காந்து, மூச்சு விட்டு, ஊஊன்னு தள்ளினேன், நர்ஸ் கதவை சாத்திட்டு நகர்றதுக்குள்ள வந்துடுச்சு. முக்கும்போது பிரஷர் 72லேர்ந்து 50க்கு இறங்கியிருந்துச்சு. நடைமுறைல என்ன மாறுச்சுன்னா, பாத்ரூம்ல இருக்குற நேரம் குறைஞ்சுது, விரல் தேவைப்படுறதில்ல, ஆபீஸ்ல மதியம் வரைக்கும் வயிறு கல்லு போல இருக்குறது போச்சு. முழுசா குணமாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஊருக்கு போனா, கல்யாண மண்டபத்துல தங்கினா, ராத்திரி ரயில்ல போனா பழைய பழக்கம் திரும்ப வரும். ஜலதோஷம் புடிச்சு விடாம இருமிக்கிட்டு இருந்த ஒரு மாசம் மொத்தமா கெட்டுப்போச்சு. அப்ப ஒரு ரீஃப்ரெஷர் செஷன் போனேன், சிவப்பு கோடு திரும்ப ஏற ஆரம்பிச்சிருந்துச்சு, ஒரே நாள்ல சரி பண்ணிட்டாங்க. ஒருதடவை கத்துக்கிட்டது உடம்புல எங்கயோ இருக்கும்போல.

தேடுறவங்களுக்கு, சென்னைல எல்லா கேஸ்ட்ரோ ஆஸ்பத்திரிலயும் இது கிடையாது. அலையுறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணி, அனோரெக்டல் மேனோமெட்ரியும் பலூன் எக்ஸ்பல்ஷனும் பண்றீங்களான்னு கேளுங்க. தெரப்பி எங்கன்னு கேட்டா, செஷன்ல ஸ்கிரீன் நமக்கு காட்டுவாங்களா, முக்கும்போது தளர்த்துறதுக்கு பயிற்சி குடுப்பாங்களா இல்ல இறுக்குறதுக்கான்னு கேளுங்க. கரண்ட் மட்டும் வைப்போம், கீகல் சொல்லிக் குடுப்போம்னு பதில் வந்தா அது வேற வைத்தியம், வேற பிரச்சனைக்கு. லேடி தெரப்பிஸ்ட் வேணும்னா முன்கூட்டியே சொல்லிடுங்க, கூச்சப்பட வேணாம், கூட அம்மாவையோ அக்காவையோ உள்ள வச்சுக்கவும் விடுவாங்க. ஏற்கனவே மேனோமெட்ரி பண்ணியிருந்தா கடைசி பக்க சுருக்கத்தை மட்டும் எடுத்துட்டு போகாதீங்க, முக்கும்போது எடுத்த கிராஃப் இருக்குற பக்கத்தையும் கேட்டு வாங்கிக்கோங்க. எங்க ஃபிசியோ பொண்ணு சுருக்கத்தை புரட்டிக்கூட பாக்கல, நேரா அந்த பக்கத்தைத்தான் கேட்டாங்க.